மெலிந்த புத்தகத்தை எடுங்கள்: பிரெஞ்சு சொல்வளம் ஒரு படி கீழே இருக்கிறது

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டின் முடிவில் நான் செய்த தவறை, என்னைப் போல் பிரெஞ்சு படிக்கும் பலரும் செய்திருப்பார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த துணிச்சலில் அந்துவான் து செந்த்-எக்சுபெரியின் ‘லெ பெத்தி ப்ரேன்ஸ்’ நாவலை வாங்கினேன். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் தமிழில் தந்த ‘குட்டி இளவரசன்’ எனக்கு ஏற்கெனவே பிடித்த கதை. படங்கள் நிறைந்த, நூறு பக்கத்துக்குள் அடங்கும் சிறுவர் புத்தகம்தானே, இதைக்கூட வாசிக்க முடியாதா என்று நினைத்தேன். சுங்கை பினாங்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் அதைப் பிரித்தேன். மூன்று வாரத்தில் ஏழு பக்கம் போனது. ஓரமெல்லாம் பென்சிலில் எழுதிய பொருள்கள். எட்டாம் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

அந்தப் புத்தகத்தில் குறை எதுவும் இல்லை. நான் அதற்குத் தவறான நேரத்தில் போனேன். பிரெஞ்சுப் பிள்ளைக்கு அது எளிய கதை. அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகும் முன்பே சில ஆயிரம் சொற்களைக் காதால் கேட்டு வைத்திருக்கும். என்னிடம் இருந்தவை சில நூறுதான். ‘சிறுவர் நூல்’ என்பது வேறு, ‘மொழி கற்பவருக்கான நூல்’ என்பது வேறு. இந்த வேறுபாட்டை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மொழி கற்பவருக்கென்றே எழுதப்படும் நூல்களைப் படிநிலை வாசிப்பு நூல்கள் என்று சொல்லலாம். பிரெஞ்சில் அஷெத் பதிப்பகத்தின் ‘லிர் ஆன் ஃப்ரான்சே ஃபசில்’, சே.எல்.இ. இன்டர்நேஷனல் பதிப்பகத்தின் ‘லெக்த்யூர் க்ளே’ போன்ற வரிசைகள் இருக்கின்றன. ஜூல்ஸ் வெர்ன், அலெக்ஸாண்டர் டூமா போன்றோரின் கதைகளைச் சுருக்கி, அந்த நிலைக்குரிய சொற்களை மட்டும் வைத்துத் திரும்ப எழுதியிருப்பார்கள். புதிதாக எழுதிய துப்பறியும் கதைகளும் உண்டு. அட்டையில் ஏ1, ஏ2, பி1 என்று நிலை அச்சிட்டிருக்கும். மெலிந்த புத்தகங்கள்தான், இரண்டு மூன்று முறை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

இந்த மெலிந்த புத்தகங்களை நம் மாணவர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஆரம்பப்பள்ளியில் நிலாம் வாசிப்புப் பதிவேட்டை நிரப்பிய நினைவு நம் எல்லோருக்கும் இருக்கும். எண்ணிக்கை கூடவேண்டும் என்பதற்காக நூலகத்தில் இருப்பதிலேயே மெலிந்த புத்தகங்களாகத் தேடி எடுத்தோம். அதனால் மெலிந்த புத்தகம் என்றால் ஏமாற்று வேலை என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிட்டது. பிரெஞ்சு சொல்வளத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தலைகீழானது என்பதே என் கருத்து. கடினமான புத்தகத்தோடு போராடுபவரைவிட, எளிதான புத்தகங்களை அடுத்தடுத்து வாசிப்பவர்தான் அதிகச் சொற்களைக் கற்கிறார்.

நூற்றில் இரண்டு

2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு ஒரே கதையைக் கொடுத்தார்கள். சிலருக்கு எல்லாச் சொற்களும் தெரிந்தவை. மற்றவர்களின் பிரதியில் நூற்றுக்கு 5, 10, 20 என்ற கணக்கில் சொற்களை எடுத்துவிட்டு, பொருளே இல்லாத செயற்கைச் சொற்களைப் போட்டார்கள். நூற்றுக்கு 20 சொல் தெரியாதவர்களில் ஒருவர்கூடக் கதையைப் போதிய அளவு புரிந்துகொள்ளவில்லை. நூற்றுக்கு 10 தெரியாதபோது மிகச் சிலரே தேறினார்கள். நூற்றுக்கு 5 என்ற அளவிலும் பெரும்பாலானோர் திணறினார்கள். துணையில்லாமல் இன்பமாக வாசிக்க வேண்டுமானால் நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கணித்தார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு புதிய சொல்.

95 மதிப்பெண் வாங்கினால் தேர்வில் நாம் கொண்டாடுவோம். வாசிப்பில் அதே 95 போதாமல் போவது ஏன்? தெரியாத சொற்கள்தான் பெரும்பாலும் வாக்கியத்தின் உயிரான சொற்கள். ‘அவன் மெதுவாக ... திறந்து, உள்ளே இருந்த ... எடுத்தான்’ என்று இருந்தால், ஆறு சொல் தெரிந்தும் கதை தெரியாது. ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு இடைவெளி இருந்தால் சுற்றியுள்ள சொற்களை வைத்து ஊகிக்கலாம். இரண்டு இடைவெளி வந்தால், ஒன்றை ஊகிக்க உதவவேண்டிய சொல்லே இன்னொரு இடைவெளியாக நிற்கும்.

என் தங்கையின் மூன்று புத்தகங்கள்

சித்தப்பா மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள்; எஸ்.பி.எம். தேர்விலும் அதை எழுதப்போகிறாள். வகுப்பில் ஏ2 பாடநூல் நடக்கிறது. அவள் வாசிக்க எடுத்துவைத்திருந்தது ஒரு பி1 நூல். “பாடநூல் ஏ2 அண்ணே, அதுக்கு மேல படிச்சாதானே முன்னேற முடியும்?” என்றாள். நான் அவளுக்கு ஏ1, ஏ2 நூல்கள் ஒவ்வொன்றையும் கொடுத்து, மூன்றையும் ஒரே முறையில் சோதிக்கச் சொன்னேன்.

முறை எளிது. புத்தகத்தின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு நடுவில் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் பாத்திர அறிமுகம் இருக்கும். அது பெரும்பாலும் எளிதாகவே இருக்கும். நடுப்பக்கத்தில் நூறு சொற்களை எண்ணி, கோடு போட்டு நிறுத்த வேண்டும். ஆள்பெயர், ஊர்ப்பெயர்களைத் தெரிந்தவையாக வைத்துக்கொள்ளலாம். பிறகு பொருள் உறுதியாகத் தெரியாத ஒவ்வொரு சொல்லின் கீழும் ஒரு புள்ளி. அகராதி பார்க்கக் கூடாது. இன்னொரு பக்கத்திலும் இதையே செய்து, இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும்.

பி1 நூலில் அவள் வைத்த புள்ளிகள் ஏழு. “ஏழுதான் அண்ணே, பரவாயில்லையே” என்றாள். புள்ளி வைக்காத சொற்களில் சிலவற்றுக்கு நான் பொருள் கேட்டேன். அப்போதுதான் உண்மைக் கணக்கு வெளியே வந்தது.

‘லிப்ரேரி’ என்ற சொல்லை நூலகம் என்றாள். ஆங்கிலத்தில் அப்படித்தான் ஒலிக்கிறது. பிரெஞ்சில் அது புத்தகக் கடை, நூலகம் ‘பிப்லியோதெக்’. ‘ரெஸ்தே’ என்றால் ஓய்வெடுப்பது என்றாள். அதன் பொருள் தங்கியிருப்பது. ஆங்கிலமும் மலாயும் தெரிந்த மலேசிய மாணவர்களுக்குப் பிரெஞ்சில் நூற்றுக்கணக்கான சொற்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கூட்டத்தில் இப்படிச் சில போலி நண்பர்களும் நுழைந்துவிடுகிறார்கள். ‘ப்யூரோ’ என்ற சொல்லைப் பாருங்கள். நம் வீட்டில் பீரோ என்றால் துணி வைக்கும் அலமாரி. மலாயில் ‘பீரோ’ என்றால் ஒரு பிரிவு அல்லது அமைப்பு. பிரெஞ்சுக்காரருக்கு அது எழுதும் மேசை, அல்லது அலுவலகம். கதைக்குப் பொருந்தாத பொருளோடு கடந்துபோகும் சொல்லும் தெரியாத சொல்தான்.

அடுத்த இரண்டு சொற்கள் வேறு வகை. பிரெஞ்சில் வி-ஐ-டி என்ற மூன்று எழுத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. ‘வாழ்கிறான்’ என்பதற்கும் அதே வடிவம்தான், ‘பார்த்தான்’ என்பதற்கும் அதே வடிவம்தான். என் தங்கைக்கு முதல் பொருள் மட்டுமே தெரியும். கதையில் இருந்தது இரண்டாவது. இன்னொன்று எஃப்-யு-டி. அதைச் சின்னச் சொல்தானே என்று தாண்டிவிட்டாள். ‘இருந்தது’ என்பதன் இலக்கிய வடிவம் அது. இவை இரண்டும் பாஸே சேம்ப்ல் என்ற இறந்தகால வடிவங்கள். பேச்சிலும் தொடக்கநிலைப் பாடநூலிலும் வருவது பாஸே கொம்போஸே. பாஸே சேம்ப்ல் கதை எழுத்துக்கு உரியது. ஏ1, ஏ2 நூல்கள் பெரும்பாலும் அதைத் தவிர்க்கும். மேல்நிலைகளில் அது மெல்ல நுழையும். நான் எட்டாம் பக்கத்தோடு கைவிட்ட ‘லெ பெத்தி ப்ரேன்ஸ்’ முழுவதும் அது நிறைந்திருக்கிறது. ஆங்கில நூலுக்குச் சொல்லை மட்டும் எண்ணினால் ஏறக்குறையப் போதும். பிரெஞ்சில் தெரிந்த வினைச்சொல்லே தெரியாத வேடத்தில் வரும். வேடம் தெரியாவிட்டால் அதற்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

ஆக, ஏழு பதினொன்று ஆனது. அதே கண்டிப்போடு எண்ணியபோது ஏ2 நூலில் ஆறு, ஏ1 நூலில் இரண்டு. வகுப்பில் ஏ2 பாடநூலை நடத்தும் மாணவிக்கு, தனியாக வாசிக்கப் பொருத்தமான நூல் ஏ1.

“இது ரொம்ப சின்னப்பிள்ளை புக்கு மாதிரி இருக்கு அண்ணே” என்று அவள் முகம் வாடியது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார், சொற்பட்டியல் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் செலவழிக்கிறோம். தனியாகப் படுக்கையில் சாய்ந்துகொண்டு வாசிக்கும்போது அந்தத் துணை எதுவும் இல்லை. அதனால் வாசிப்பு நிலை வகுப்பு நிலைக்கு ஒரு படி கீழே இருப்பதுதான் இயல்பு.

அட்டையில் உள்ள நிலையை மட்டும் நம்பாமல் ஏன் எண்ண வேண்டும் என்று கேட்கலாம். ஏ1, ஏ2 என்ற பெயர்கள் ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்திலிருந்து வந்தவை. ஒருவர் அந்த மொழியில் என்னென்ன செய்ய முடியும் என்பதை அது விவரிக்கிறது. இந்த நிலைக்கு இன்னின்ன சொற்கள் என்று அது பட்டியல் போடவில்லை. அந்த எல்லையை ஒவ்வொரு பதிப்பகமும் தானே முடிவு செய்கிறது. ஒரு வரிசையின் ஏ2 இன்னொரு வரிசையின் ஏ2வைவிடக் கடினமாக இருப்பது அதனால்தான்.

கால் மணி நேரக் கணக்கு

ஏ1 நூலால் எப்படிச் சொல் பெருகும்? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தினமும் கால் மணி நேரம் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம்.

பி1 நூலில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 250 சொற்கள். நூற்றுக்குப் பதினொன்று என்றால் பக்கத்துக்கு 27 தெரியாத சொற்கள். கைப்பேசியில் ஒவ்வொன்றையும் பார்க்க அரை நிமிடம் என்றாலும், தேடுவதற்கே பதின்மூன்று நிமிடம் போய்விடும். கால் மணி நேரத்தில் ஒரு பக்கம். மாதத்துக்கு 7,500 சொற்கள்.

ஏ1 நூலை என் தங்கை நிமிடத்துக்கு 80 சொல் வேகத்தில் வாசித்தாள். கால் மணி நேரத்தில் 1,200 சொற்கள், மாதத்துக்கு 36,000. ஒரு நூலில் சுமார் 5,000 சொற்கள் என்றால் மாதத்தில் ஏழு நூல். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு.

இப்போது 4,500 சொல்லுக்கு ஒரு முறை வரும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தோள், இழுப்பறை, திடீரென்று என்பது போன்ற ஒரு சொல். 7,500 சொற்களில் அதை ஒன்றிரண்டு முறைதான் சந்திப்போம். 36,000 சொற்களில் எட்டு முறை சந்திப்போம். படிநிலை நூல்களில் இந்தக் கணக்கு இன்னும் நமக்குச் சாதகமானது. ஒரே நிலையின் நூல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சொற்களை வைத்து எழுதப்படுவதால், ஒரு நூலில் பார்த்த சொல் அடுத்த நூலிலும் வந்து நிற்கும்.

எட்டு முறை என்பதை நான் சும்மா சொல்லவில்லை. 2003இல் வேரிங், தகாகி என்ற ஆய்வாளர்கள் ஜப்பானியக் கல்லூரி மாணவிகள் 15 பேருக்கு ஓர் ஆங்கிலப் படிநிலை நூலைக் கொடுத்தார்கள். அதில் 25 சொற்களுக்குப் பதிலாகச் செயற்கைச் சொற்களை வைத்திருந்தார்கள். வாசித்து முடித்ததும், நான்கு விடைகளில் சரியான பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது சராசரியாக 10.6 சொற்கள் சரியாக வந்தன. துணையில்லாமல் பொருளை எழுதச் சொன்னபோது 4.6. மூன்று மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது 0.9. ஒரு சொல்கூட முழுதாக மிஞ்சவில்லை. எட்டு முறைக்குக் குறைவாக வந்த சொற்கள்தான் பெரும்பாலும் மறைந்தன.

இந்த முடிவைக் கண்டு சிலர் வாசிப்பால் சொல் வளராது என்று சொல்லக்கூடும். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு புத்தகத்தால் சொல் வளராது. வரிசையாக வாசிக்கும் புத்தகங்களால் வளரும். போன வாரம் பாதி மறந்த சொல்லை இந்த வாரப் புத்தகம் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு வேகம் வேண்டும். வேகம் வேண்டுமானால் எளிமை வேண்டும். ஒரு நிலையில் குறைந்தது ஐந்து நூல், வாரத்துக்கு ஒன்று என்று நேஷனும் அவருடன் ஆய்ந்த வாங்கும் பரிந்துரைத்தது இந்தத் திரும்ப வரும் கணக்கை வைத்துத்தான்.

எப்போது மேலே ஏறுவது?

என் தங்கை ஆறு வாரத்தில் எட்டு ஏ1 நூல்களை முடித்தாள். இரண்டை அவளுக்குப் பிடிக்கவில்லை. பாதியில் வைத்துவிட்டு வேறு எடுத்தாள், அதில் தவறில்லை. பிறகு பழைய ஏ2 நூலில் புதிய பக்கங்களைத் திறந்து எண்ணினோம். ஆறாக இருந்தது மூன்றாகக் குறைந்திருந்தது. ஏ1 நூலில் மூன்று பக்கம் தொடர்ந்து ஒரு புள்ளிகூட விழவில்லை. ஏறவேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு இவை இரண்டும் அடையாளம். புள்ளியே விழாத நூல் வேகத்தை வளர்க்கும், ஆனால் புதிய சொல் தராது. அதனால் கீழேயே தங்கிவிடுவதும் நல்லதல்ல.

ஏறிய பிறகு நிலை தவறிவிட்டதா என்று அறிய மீண்டும் எண்ணத் தேவையில்லை. ஒரு பக்கத்தில் இரண்டு முறைக்கு மேல் கை கைப்பேசிக்குப் போகிறதா என்று பாருங்கள். ஓர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நடந்ததைத் தமிழில் மூன்று வாக்கியத்தில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் ஒரு படி இறங்குங்கள்.

இந்த முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எட்டு நூல்களிலிருந்து இருபது சொற்களைத் தேர்ந்து அவளிடம் கேட்டேன். பிரெஞ்சில் பார்த்ததும் பதினான்குக்குப் பொருள் சொன்னாள். தமிழில் சொல்லிப் பிரெஞ்சில் கேட்டபோது ஆறுதான் வந்தது. வாசிப்பு முதலில் அடையாளம் காணும் அறிவைத் தருகிறது. எழுதவும் பேசவும் வருவதற்கு இன்னொரு தள்ளு வேண்டும். அதனால் இப்போது ஒவ்வொரு நூல் முடிந்ததும், அதில் மூன்று முறைக்கு மேல் பார்த்த ஐந்து சொற்களை மட்டும் அவள் குறித்துக்கொள்கிறாள். பெயர்ச்சொல்லை ‘லெ’, ‘லா’, ‘அன்’, ‘யுன்’ என்ற முன்னொட்டோடு எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் அமைக்கிறாள். ஆண்பாலா பெண்பாலா என்ற தலைவலிக்கும் அதுவே மருந்து. இன்னொரு எல்லை ஒலி. பிரெஞ்சில் எழுதும் கடைசி எழுத்துகள் பல ஒலிக்காது. கண்ணால் மட்டும் கற்ற சொல்லைக் காது அடையாளம் காணாது. பெரும்பாலான படிநிலை நூல்களுக்கு ஒலிப்பதிவு உண்டு. வாசித்து முடித்த அத்தியாயத்தை மறுநாள் பேருந்தில் கேட்டால் போதும்.

பினாங்கில் பிரெஞ்சு கற்பவர்களுக்கு அலையான்ஸ் ஃப்ரான்சேஸ் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சு கற்பிக்கிறார்கள். பிரெஞ்சு சொல்லித்தரும் ஆசிரியர்களிடமும் நூலகப் பொறுப்பாளர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெரிய நாவல் ஒன்றை வாங்கும் காசில் ஏ1 நூல்கள் சிலவற்றை வாங்கி, ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்காமல் நிலை வரிசையில் அடுக்கி வையுங்கள். வாசித்ததும் கேள்வித்தாள் கொடுக்காதீர்கள். மாணவர் கதையைத் தமிழிலோ மலாயிலோ மூன்று வாக்கியத்தில் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இப்போது கையில் இருக்கும் பிரெஞ்சுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து நூறு சொற்களை எண்ணுங்கள். புள்ளிகளை நேர்மையாக வையுங்கள். ஐந்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு அதைவிட மெலிந்த ஒன்றை எடுங்கள். என் ‘லெ பெத்தி ப்ரேன்ஸ்’ இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. போன மாதம் அதன் நடுப்பக்கத்தை எண்ணிப் பார்த்தேன். நான்கு புள்ளிகள். இன்னும் கொஞ்ச நாள் அது அங்கேயே இருக்கட்டும்.